"மூன்று கடைக்கும் ஐம்பது" என்றால் மொத்தம் எத்தனை? எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

தறிவீட்டு_மருமகள் (குடியாத்தம்)

எங்கள் வீட்டில் கைலி நெசவு. ஆர்டர் வாங்குவதும் வாட்ஸப்பில் பேசுவதும் பார்சல் அனுப்புவதும் என் பொறுப்பு. போன தை மாதம் வந்தவாசிப் பக்கம் ஒரு கடைக்காரர் "இரண்டு கடைக்கும் நாற்பது கைலி" என்று எழுதினார். எனக்குச் சந்தேகம். "இரண்டு கடைக்கும் நாற்பதா அண்ணா?" என்று கேட்டேன். "ஆமாம்மா, இரண்டு கடைக்கும் நாற்பது" என்றார். எண்பது அனுப்பினேன். நாற்பது திரும்பி வந்தது, லாரி வாடகை எங்கள் தலையில். கேட்காமல் அனுப்பியிருந்தால் மனசு ஆறியிருக்கும். கேட்டும் இப்படி ஆனதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்று வியாழக்கிழமை, திருவண்ணாமலையில் மூன்று கடை வைத்திருக்கிற இன்னொருவரிடமிருந்து இது வந்திருக்கிறது. எழுத்து மாறாமல் தருகிறேன்:

"மூன்று கடைக்கும் ஐம்பது நீலக் கைலியும் துண்டும் சனிக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள். போன தடவை மாதிரி சாயம் போகக் கூடாது. பில் விஷயம் அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்."

நான் ஏழு கேள்வி எழுதி வைத்தேன். மாமனார் பார்த்துவிட்டு, "ஏழு கேள்வி கேட்டால் அந்த ஆள் அடுத்த தறிக்காரனிடம் போய்விடுவான்" என்கிறார். அதுவும் நியாயம்தான். எதைக் கேட்பது, எதை விடுவது, எப்படிக் கேட்பது?

ஆம்பூர்_கட்டிங்

அக்கா, இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? ஆர்டர் ஃபாரம் ஒன்று அடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஷூ அப்பர் ஜாப் ஒர்க் பண்ணுகிறேன். ஆர்ட்டிகிள் நம்பர், கலர், சைஸ் வாரியாக ஜோடி, டெலிவரி தேதி எல்லாம் கட்டம் கட்டி இருக்கும். நிரப்பித் தந்தால்தான் கத்தியை எடுப்போம். அப்புறம் அட்வான்ஸ் பாதியாவது வாங்குங்கள், திருப்பி அனுப்ப யோசிப்பார்கள்.

ஓய்வு_தமிழையா (ஆற்காடு)

அம்மா, இது புதிய சிக்கல் இல்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கூட வரும் வினையால் பொருள் தெளிவது ஒன்று, தெளியாதது இன்னொன்று. "மா பூத்தது" என்றால் மரம் என்று தெரிந்துவிடும். "மா வீழ்ந்தது" என்றால் மரமா விலங்கா என்று தெரியாது, அப்போது "மாமரம்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வினையோடு இனத்தையும் சார்பையும் வைத்தும் தெளியலாம்.

உங்கள் செய்தியில் "துண்டு" என்பது துவர்த்துகிற துண்டா, வெட்டுத் துணியா என்று ஒரு கணம் தோன்றும். கைலியோடு சேர்ந்து வருவதால் இனத்தால் தெளிந்துவிட்டது, கேட்கத் தேவையில்லை. "ஐம்பது", "அவர்" போன்றவையும் பலபொருள் ஒருசொற்களே. தெளியாததை மட்டும் வேறு சொல் போட்டுக் கேளுங்கள், போதும்.

பாலாற்றுமணல் (வேலூர்)

தமிழையா துண்டைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஐம்பதைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை, ஐயா.

நான் மொழியியல் படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் இருக்கிறேன். தினமும் இதே வேலைதான். எழுதினவரிடம் கேள்வி அனுப்பலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பதில் வரும். அதனால் கேள்வியை எழுதுவதற்கு முன், குழப்பம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நான் நான்கு இடமாகப் பார்ப்பேன்: ஒரு சொல்லுக்கு இரண்டு பொருளா, சொற்கள் தெளிவாக இருந்தும் ஒரு சொல் எது வரைக்கும் பிடிக்கிறது என்பதில் சந்தேகமா, அவர், அது, அங்கே என்று சுட்டியது யாரை, எதை என்பதா, இல்லை, அந்தச் சங்கதி வாக்கியத்தில் இல்லவே இல்லையா.

"ஐம்பது" என்ற சொல்லுக்கு ஒரே பொருள். உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அது ஒரு கடைக்கு ஒரு தடவையா, மூன்று கடையும் சேர்ந்து ஒரு தடவையா என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் உங்கள் வந்தவாசிக் கேள்வி வேலை செய்யவில்லை. நீங்கள் அதே வாக்கியத்தை ஆ சேர்த்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். அவர் மனதில் இருந்த படி அவர் படித்தார், ஆமாம் என்றார். அந்த ஆமாம் உங்கள் படத்துக்கும் பொருந்தியது, அவர் படத்துக்கும் பொருந்தியது. கேள்வியில் அதே முடிச்சு இருந்தால் பதிலிலும் அதே முடிச்சு வரும்.

இந்த மாதிரி இடத்தில் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். "ஒரு கடைக்கு எத்தனை?" அவ்வளவுதான். தமிழிலேயே இதற்கு நல்ல வழி இருக்கிறது: "மூன்று கடைக்கும் ஐம்பது ஐம்பது" என்று இரட்டித்தால் சந்தேகமே இல்லை, "தலா ஐம்பது" என்றாலும் அப்படியே. இரட்டிக்காமல் எழுதினார் என்பதால் மொத்தம்தான் ஐம்பது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாட்ஸப்பில் அவசரமாகத் தட்டுகிறவர் இரட்டித்து எழுத மாட்டார்.

நைட்_டூட்டி (காட்பாடி)

நான் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கைலி பற்றித் தெரியாது, ஆனால் மேலே படித்ததும் வார்டில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது.

ஒரு பெரியவருடைய மகள், "அப்பா ராத்திரி மாத்திரை எல்லாம் சாப்பிடவில்லை" என்று சொன்னாள். நான் "சாப்பிடவில்லையா?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றாள். பக்கத்தில் நின்ற மகன் "இல்லை" என்றான். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்! நம் பேச்சில் "சாப்பிடவில்லையா" என்ற கேள்விக்கு ஆமாம் என்றாலும் சாப்பிடவில்லை, இல்லை என்றாலும் சாப்பிடவில்லை. நான் ஒரு மாத்திரை கூடப் போகவில்லை என்று எழுதப் போனேன். சீனியர் அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, "எத்தனை மிச்சம் இருக்கு, அட்டையைக் காட்டும்மா" என்று கேட்டார்கள். அட்டையில் ஒன்றுதான் மிச்சம். மற்ற மூன்றையும் சாப்பிட்டிருந்தார். நான் எழுதியிருந்தால் அதையெல்லாம் மறுபடி கொடுத்திருப்போம்.

பாலாற்றுமணல் (வேலூர்)

அருமையான உதாரணம். இங்கே சிக்கல் "எல்லாம்" என்ற சொல்லின் பொருளில் இல்லை. "இல்லை" எல்லாவற்றையும் பிடிக்கிறதா, "எல்லாம்" என்பதை மட்டும் மறுக்கிறதா என்பதுதான் கேள்வி. வாயால் பேசும்போது குரல் அழுத்தத்தில் பாதி தெரிந்துவிடும், எழுத்தில் அதுவும் போய்விடுகிறது. உங்கள் சீனியர் கேட்ட கேள்வியைப் பாருங்கள். அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லவே முடியாது.

தறிவீட்டு_மருமகள் (குடியாத்தம்)

இப்போதுதான் புரிகிறது, நன்றி அண்ணா, நன்றி தங்கச்சி. சரி, "போன தடவை மாதிரி சாயம் போகக் கூடாது" எந்த வகை? இதைப் படித்ததும் என் வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. போன தடவை சாயம் போனதாக அவர் குறை சொல்லவே இல்லையே, இப்போது குத்திக் காட்டுகிறாரே என்று சாயப்பட்டறைக்கே போன் போட்டுவிட்டார். காலையில் வீட்டில் அதுதான் பேச்சு.

பாலாற்றுமணல் (வேலூர்)

அக்கா, அது குறையாகவே இருக்க வேண்டியதில்லை. "போன தடவை மாதிரி" என்பது "சாயம் போக" என்பதோடு ஒட்டினால் போன தடவை சாயம் போயிற்று என்று பொருள். "போகக் கூடாது" முழுவதோடும் ஒட்டினால், போன தடவை போகாமல் நன்றாக இருந்தது, இந்தத் தடவையும் அப்படியே இருக்கட்டும் என்று பொருள். இதுவும் ஐம்பது போலவே, எது வரைக்கும் பிடிக்கிறது என்ற வகைதான்.

ஆனால் இதைக் கேட்கவே வேண்டாம். போன தடவை அவர் குறை சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதோடு, எந்தப் பொருளானாலும் நீங்கள் செய்யப் போவது ஒன்றுதான்: சாயம் நிற்கிற நூல். செய்கிற வேலையில் வித்தியாசம் வராத குழப்பத்துக்குக் கேள்வியைச் செலவழிக்காதீர்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், பாவம் காலையிலிருந்து வருத்தப்பட்டிருப்பார்.

அடுத்து "போட்டுவிடுங்கள்". இதுதான் இந்தச் செய்தியில் உண்மையான பலபொருள் ஒருசொல். தறியில் போடுவதும் போடுவதுதான், லாரி ஆபீசில் பார்சல் போடுவதும் போடுவதுதான், கடையில் கொண்டுவந்து போடுவதும் போடுவதுதான். சனிக்கிழமை கெடு இதைப் பொறுத்து மாறும். இங்கே கேள்வியில் "போடு" என்ற சொல்லே வரக் கூடாது. "சனிக்கிழமை லாரியில் ஏற்றினால் போதுமா, சனிக்கிழமையே சரக்கு கடையில் இருக்க வேண்டுமா?" என்று இரண்டையும் வேறு வேறு சொல்லில் வைத்தால், அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிடுவார். சொல் குழப்பத்துக்கு இந்த 'இதுவா அதுவா' நன்றாக வேலை செய்யும். ஏனென்றால் எத்தனை பொருள் என்று நமக்கு முன்பே தெரியும்.

ஓய்வு_தமிழையா (ஆற்காடு)

நண்பர் சொல்வது சரி. ஐம்பதை நான் அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டேன். பொருள் தெளிவிக்கும் விதி சொல்லுக்குத்தான் உதவும், எண் எது வரை பரவுகிறது என்பதற்கு உதவாது. ஆனால் "அவர்" என்பதை விடமாட்டேன். ஒரு சொல் பலரைக் குறிக்கிறது, அது பலபொருள்தானே?

பாலாற்றுமணல் (வேலூர்)

ஐயா, அகராதியில் "அவர்" என்பதற்கு ஆள் ஆளாகப் பொருள் எழுத முடியாதே. பொருள் ஒன்றுதான், கை நீட்டுகிற திசைதான் தெரியவில்லை. அதைப் பொருளில் தேடாமல், முன்னால் நடந்த பேச்சில் தேட வேண்டும். அக்கா, இதற்கு முன் அந்த உரையாடலில் யார் யார் பெயர் வந்தது?

தறிவீட்டு_மருமகள் (குடியாத்தம்)

மேலே தள்ளிப் பார்த்தேன். திங்கட்கிழமை அவர் கடைக் கணக்குப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். செவ்வாய் அவருடைய மச்சான் வந்து சரக்கு பார்ப்பார் என்றார். அப்புறம் எங்கள் மாமனாரும் இருக்கிறாரே, விலை பேசியது அவர்தான். "அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்றால் உங்கள் மாமனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் எடுக்கலாம்.

பாலாற்றுமணல் (வேலூர்)

மூன்று பேர். அப்படியானால் "யாரிடம்?" என்று வெறுமனே கேட்காதீர்கள். "அதான், அவரிடம்தான், பெரியவரிடம்" என்று பதில் வரும், பெரியவர் யார் என்று மறுபடி தேட வேண்டும். மூன்று பேரையும் உறவும் வேலையும் சொல்லி வையுங்கள், "வேறு யாராவதா?" என்று ஒரு கதவையும் திறந்து விடுங்கள்.

ஒருவர் பெயரும் முன்னால் வந்திருக்காவிட்டால்தான் அது இல்லாத சங்கதி. சுட்டுவதற்கு ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று பார்ப்பது என் வழக்கம்.

ஆம்பூர்_கட்டிங்

எல்லாம் சரி அண்ணா, ஃபாரம் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காதே?

பாலாற்றுமணல் (வேலூர்)

தம்பி, உங்கள் ஃபாரம் நல்ல பழக்கம். ஆனால் அது நான்காவது வகையை மட்டும்தான் பிடிக்கும், அதாவது சொல்ல மறந்ததை. இந்தச் செய்தியில் அப்படி ஒன்று இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை: கைலி இரண்டு மீட்டரா இரண்டேகால் மீட்டரா, மூட்டியதா மூட்டாததா? அதற்குக் கட்டம் இருந்தால் நிரப்பியிருப்பார். ஆனால் "எண்ணிக்கை" என்ற கட்டத்தில் "மூன்று கடைக்கும் ஐம்பது" என்று எழுதித் தந்தால் ஃபாரம் என்ன செய்யும்? கட்டத்துக்குள்ளேயும் அதே முடிச்சு உட்காரும்.

இந்த நான்காவது வகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்ற மூன்றிலும் பதில் அவர் மனதில் தயாராக இருக்கிறது, நமக்கு வந்து சேரவில்லை. இதில் அவரே இன்னும் முடிவு செய்யாமல் இருக்கலாம். அதனால் "இரண்டா இரண்டேகாலா" என்று மடக்கினால், யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுவார், பிறகு மாற்றுவார். "நீளம் என்ன வேண்டும், மூட்டித் தரவா?" என்று திறந்து கேளுங்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். "அண்ணன் கைலி வாங்கினார், தம்பியும் வாங்கினார்" என்று வையுங்கள். அண்ணனுடையது இரண்டு மீட்டர், தம்பியுடையது இரண்டேகால். வாக்கியத்தில் தப்பில்லை, நீளம் அதில் சொல்லப்படவே இல்லை. "அண்ணன் துண்டு வாங்கினார், தம்பியும்தான்" என்பதில் அண்ணன் வாங்கியது துவர்த்துகிற துண்டு, தம்பி வாங்கியது வெட்டுத் துணி என்றால் ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கும். முதலாவது இல்லாத சங்கதி, இரண்டாவது இரு பொருள்.

நைட்_டூட்டி (காட்பாடி)

எனக்கு ஒரு சந்தேகம். "சனிக்கிழமைக்குள்" என்றால் நாளை மறுநாளா, அடுத்த வாரமா? இரண்டு நாளில் இவ்வளவு கைலி நெய்ய முடியாதே. இது சுட்டா, சொல்ல மறந்ததா?

பாலாற்றுமணல் (வேலூர்)

நான் சுட்டு என்பேன். இரண்டு சனிக்கிழமை கண்முன் நிற்கிறது, எதைக் காட்டுகிறார் என்பதுதான் கேள்வி.

ஓய்வு_தமிழையா (ஆற்காடு)

"அந்த", "இந்த" என்று சுட்டெழுத்தே இல்லாமல் சுட்டு எப்படி வரும்? தேதி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

பாலாற்றுமணல் (வேலூர்)

இருக்கட்டும் ஐயா. எந்த வகையானாலும் கேள்வி ஒன்றுதான்: தேதி எண்ணோடு கேட்பது. அதை லாரிக் கேள்வியிலேயே சேர்த்துவிடலாம்.

ஆம்பூர்_கட்டிங்

நான் இன்னும் சொல்கிறேன், நிறையக் கேட்டால் பார்ட்டி கோபப்படுவார். எனக்கு அப்படி ஒரு ஆர்டர் போயிருக்கிறது.

தறிவீட்டு_மருமகள் (குடியாத்தம்)

அதுதான் மாமனாரும் சொல்கிறார். ஏழு கேள்வியை நான்காகக் குறைத்தேன். "நீலக் கைலியும் துண்டும்" என்பதில் துண்டும் நீலமா, துண்டும் ஐம்பதா என்று இரண்டு முடிச்சு இருந்தது. தங்கச்சி சொன்ன அட்டைக் கதையை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடைக் கட்டுக்குள்ளும் செருகுகிற சீட்டில் நானாக எண் போடாமல் வெறுமையாக விட்டு, அவரையே நிரப்பச் சொல்லிவிட்டேன். அனுப்பியது இது:

"அண்ணா, ஒரு கடைக் கட்டுக்குள் கைலி எத்தனை, துண்டு எத்தனை என்று எழுதுங்கள். சனிக்கிழமை என்றால் எந்தத் தேதி? அன்றைக்கு லாரியில் ஏற்றினால் போதுமா, கடையிலேயே இருக்க வேண்டுமா? பில் பற்றிக் கணக்குப்பிள்ளையிடம் பேசவா, உங்கள் மச்சானிடமா, எங்கள் மாமாவிடமே கேட்கவா, வேறு யாராவதா? கைலி நீளம் என்ன, மூட்டித் தரவா?"

தறிவீட்டு_மருமகள் (குடியாத்தம்)

பதில் வந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை:

"ஒரு கடைக்கு கைலி 50, துண்டு 20. அடுத்த வாரம் சனி, ராத்திரி லாரியில் ஏற்றினால் போதும்மா. பில் மச்சானிடம். நீளம் எப்போதும் போல, மூட்ட வேண்டாம்."

துண்டு இருபது! நானும் ஐம்பது என்றுதான் நினைத்திருந்தேன். "மொத்தம் 150 கைலி, 150 துண்டா?" என்று கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பார்.

பாலாற்றுமணல் (வேலூர்)

எனக்கும் இது பாடம். ஐம்பது துண்டு வரைக்கும் பரவுகிறதா என்று நான் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். துண்டின் எண்ணிக்கையை அவர் எழுதவே இல்லை, அது நான்காவது வகை. நான் தப்பாகப் பிரித்திருந்தேன், உங்கள் வெற்றுச் சீட்டு அதையும் பிடித்துவிட்டது.

நைட்_டூட்டி (காட்பாடி)

அக்கா, துண்டு என்ன நிறம் என்று அவர் சொல்லவில்லையே?

தறிவீட்டு_மருமகள் (குடியாத்தம்)

ஆமாம், சீட்டில் நிறத்துக்கு இடம் விட மறந்துவிட்டேன். "எப்போதும் போல" என்பதையும் பழைய பில்லில் பார்த்தேன். கடைசி மூன்று தடவையில் இரண்டு தடவை இரண்டு மீட்டர், ஒரு தடவை இரண்டேகால். நீல நூல் எவ்வளவு சாயப்பட்டறைக்குக் கொடுப்பது என்று நாளைக் காலைக்குள் சொல்லியாக வேண்டும். ராத்திரி கடை அடைத்ததும் போன் பண்ணி இந்த இரண்டையும் கேட்கிறேன்.